லாக்லைன் எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது

போன தை மாதம் ஒரு திரைக்கதைப் பயிலரங்குக்கு விண்ணப்பித்தேன். கதைச் சுருக்கம் ஒரு பக்கம், அதற்கு மேலே லாக்லைன், அதுவும் ஒரே வாக்கியம், முப்பது சொல்லுக்குள். கதாநாயகர் யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். சுருக்கத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

சென்னையில் உதவி இயக்குநராக இருந்த மூன்று வருடமும் 'ஒன்லைன்' என்ற சொல்லைத் தினமும் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே அது பல நேரம் காட்சிகளின் வரிசைப் பட்டியலைக் குறிக்கும், நாற்பது ஐம்பது வரி இருக்கும். கதையின் முடிச்சைக் கேட்பவர்கள் "நாட் என்னப்பா?" என்பார்கள். லாக்லைன் இந்த இரண்டிலும் சேராதது. நாட் என்பது ஒரு சூழ்நிலையாக மட்டும் இருக்கலாம், லாக்லைனில் ஒரு ஆள் இறங்கி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

என் கதை எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக் கதைதான். கணவன் செய்துவந்த ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தை, அவர் போன பிறகு ஒரு பெண் தனியாக நின்று சம்பா போட்டு அறுக்கிறாள், நெல் நூறு மூட்டை தேறுகிறது, அதை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட வேண்டும். என் அத்தை இதே மாதிரி நின்று பயிர் செய்தவர் என்பதால் எனக்கு அந்தக் களம், தார்ப்பாய், மூட்டை மேல் உட்கார்ந்தே தூங்குவது எல்லாம் கண்ணால் பார்த்த விஷயங்கள். முதலில் எழுதியது இது:

"அழிந்துவரும் டெல்டா விவசாயத்தையும் ஒரு பெண்ணின் மன உறுதியையும் சொல்லும் உணர்வுப்பூர்வமான கதை."

திருவாரூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், பல வருடம் இணை இயக்குநராக வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அவருக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். "தம்பி, இதுல யாரும் எதுவும் பண்ணலயே. கேமராவ எங்க வைக்கிறது?" என்றார். சரி என்று இரண்டாவதை எழுதினேன்: "கணவனை இழந்த ஒரு பெண், எல்லாத் தடைகளையும் தாண்டி, தன் நிலத்தில் வாழப் போராடுகிறாள்." ஆள் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாழ்ந்துட்டான்னு எந்த ஷாட்ல தெரியும்?"

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பயன்பட்டது. இலக்கு என்பது முடிந்ததா இல்லையா என்று படத்தில் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். 'வாழ்வது', 'நீதி கிடைப்பது', 'தன்னை நிரூபிப்பது' இதெல்லாம் எந்தக் கதைக்கும் ஒட்டும், எந்த ஷாட்டிலும் முடியாது. என் கதையில் அது முடியும் இடம் தராசு. அவள் மூட்டை எடைபோடப்பட்டு அவள் பெயரில் ரசீது வந்தால் ஜெயித்தாள், வராவிட்டால் தோற்றாள். அதன் பிறகு எழுதியதில் 'போராடுகிறாள்' என்ற வினையையே எடுத்துவிட்டேன். அந்தச் சொல் வந்தாலே அவள் உண்மையில் என்ன செய்கிறாள் என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது: "அறுவடை செய்த நூறு மூட்டை நெல்லை, மழை வருவதற்குள் கொள்முதல் நிலையத்தில் விற்றாக வேண்டிய நிலையில் ஒரு குத்தகை விவசாயி."

ஆள் இருக்கிறாள், இலக்கு இருக்கிறது, தடையாக மழை இருக்கிறது. மூன்றும் வந்துவிட்டது, அனுப்பிவிடலாம் என்றே இருந்தேன். அண்ணன் விடவில்லை. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், மழை பெய்தால் அது ஏறிவிடும், அதுதான் என் தடை. அவர் சொன்னார், 2023 பிப்ரவரியில் பருவம் தவறி மழை பெய்தபோது அந்த வரம்பை 20 வரை தளர்த்தினார்கள் அல்லவா, உன் கதையின் நடுவில் அப்படி ஒரு உத்தரவு வந்தால் என்ன ஆகும்? கதை முடிந்துவிடும். அவள் எதுவும் செய்யாமலே முடிந்துவிடும். இன்னொன்றும் சொன்னார்: களத்தில் வரிசையில் நிற்கும் இருநூறு பேருக்கும் மழை ஒரே மழைதான், அப்படியானால் கதை ஏன் இவளைப் பற்றி?

இரண்டு நாள் இதை யோசித்தேன். மழை கெடு வைக்கும், அவசரத்தைக் கொடுக்கும், ஆனால் அதற்கு இவள் மேல் எந்த எண்ணமும் கிடையாது. அவள் ஒரு அடி எடுத்துவைத்தால் மழை பதிலுக்கு ஒரு அடி எடுத்துவைக்காது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அப்படிப் பதில் அடி வைக்கும் தடை வேண்டும், அந்த அடிக்குக் காரணமும் வேண்டும்.

காரணத்தை அத்தையிடம் பேசித்தான் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கம் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் இரண்டும் வேண்டும். சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். இன்னார்தான் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் எழுதித் தந்தால்தான் குத்தகைக்காரர் தன் பெயரில் போட முடியும், பணமும் பதிவு செய்தவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். நிலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. குத்தகைதாரரைச் சுலபமாக வெளியேற்ற முடியாதபடி 1955-லேயே சட்டம் வந்துவிட்டது, அதனால் அடங்கலில் ஒரு முறை பெயர் ஏறினால் நாளைக்கு அதுவே குத்தகை உரிமை கேட்பதற்கு ஆதாரம் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். அத்தை சொன்னார்: "மொதலாளி நல்லாத்தான் பேசுனாரு. எதுக்கும்மா நீ அலையிற, என் பேர்ல போட்டு காச குடுத்துடுறேன்னாரு."

அங்கேதான் எனக்குக் கதை திறந்தது. அவர் விரட்டவில்லை, உதவி செய்கிறார். அந்த உதவியை ஏற்றுக்கொண்டால் பணம் கையில் வந்துவிடும், ஆனால் அந்தப் போகத்தை அவள் பயிர் செய்தாள் என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. நெல்லை விற்கத் தேவையான அதே காகிதம்தான் அவளை நிலத்தோடு கட்டி வைக்கிறது, அதனாலேயே அவர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். இலக்கும் தடையும் ஒரே காகிதத்தில் வந்து முட்டுகிற இந்த இடம் கிடைக்காமல்தான் அத்தனை நாள் அலைந்திருக்கிறேன். உங்கள் தடை சரியானதா என்று பார்க்க நான் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன்: நாயகி சுலபமாகத் தப்பிக்க ஒரு வழியைத் தடுப்பவரே நீட்ட முடிகிறதா, அந்த வழியில் போனால் அவள் எதை இழப்பாள் என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். மழையால் அப்படி எதையும் நீட்ட முடியாது.

நான்காவது இப்படி வந்தது: "கணவன் இறந்த பின் குத்தகை நிலத்தில் தனியாகச் சம்பா விளைத்த பெண்ணுக்கு, அவள்தான் சாகுபடி செய்தாள் என்று எழுதிக்கொடுக்க நிலத்துக்காரர் மறுக்கிறார்."

விஷயம் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் படித்தால் சப்பென்று இருந்தது. ஏன் என்று புரிய ஒரு நாள் ஆனது. தமிழில் வாக்கியத்தின் முற்றுவினை கடைசியில் வரும், படிப்பவர் மனதில் அதுதான் தங்கும். இங்கே கடைசி வினை 'மறுக்கிறார்'. அதைச் செய்பவர் நிலத்துக்காரர். என் நாயகி 'பெண்ணுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் வாங்கிக்கொள்பவளாக ஒதுங்கி நிற்கிறாள், இது அவர் படமாகிவிட்டது. அன்றிலிருந்து லாக்லைன் எழுதினால் முதலில் முற்றுவினைக்குக் கீழே கோடு போட்டு, இதைச் செய்வது யார் என்று பார்க்கிறேன். நாயகர் எழுவாயாக இருக்க வேண்டும், தடை நடுவில் எச்சமாக வர வேண்டும், அவர் செய்தாக வேண்டிய வேலை கடைசியில் முற்றாக நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாதிரிகளைப் பார்த்து அதே வரிசையில் தமிழில் எழுதினால் தடை கடைசியில் போய் விழுந்துவிடும், ஆள் தொலைந்துவிடுவார்.

ஐந்தாவதில் எல்லாவற்றையும் திணித்தேன்: அடங்கல், சான்று, ஆறு மா, நூறு மூட்டை, அவள் வயது, பெயர் கூட. முப்பது சொல்லைத் தாண்டிவிட்டது, அதைவிட முக்கியம், ஒரே மூச்சில் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. பெயரைத் தூக்கினேன், கமலம் என்றாலும் செல்வி என்றாலும் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. 'குத்தகைக்காரக் கணவன் இறந்த பின் தனியாளாக' என்பது அவள் நிலைமையையே சொல்லிவிடுகிறது. அடங்கலும் போயிற்று, அது ஊர்க்காரருக்குப் புரியும், படிக்கிற நடுவருக்கு விளக்க இன்னொரு வாக்கியம் வேண்டும், சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு 'தன்' குழப்பம். 'நெல்லைத் தன் பெயரில் விற்பதாகச் சொல்லும் நிலத்துக்காரர்' என்று எழுதிவிட்டு, அடுத்து அவளும் 'தன் பெயரில்' விற்க வேண்டும் என்றால் யார் பெயர் என்று தடுமாறும். கதையே யார் பெயர் என்பதில்தான் இருக்கிறது என்பதால் அவர் பேச்சை அப்படியே உள்ளே வைத்துவிட்டேன்.

கடைசியில் நின்றது இதுதான், இருபத்தொன்பது சொல்:

"குத்தகைக்காரக் கணவன் இறந்த பின் தனியாளாகச் சம்பா விளைத்த பெண், 'என் பெயரில் விற்றுப் பணத்தைத் தருகிறேன்' என்று சொல்லி அவளை நிலத்திலிருந்து கழற்றிவிடப் பார்க்கும் நிலத்துக்காரரை மீறி, மழை இறங்குவதற்குள் அந்த நெல்லைத் தன் பெயரில் விற்றாக வேண்டும்."

மழை இன்னும் இருக்கிறது, கெடுவாக மட்டும். 'விற்றாள்' என்று முடிக்கவில்லை, முடிவு இதில் வரக் கூடாது. இன்னும் ஒரு குறை எனக்குத் தெரிகிறது: அவள் எப்படிப்பட்டவள், முரடா, பயந்தவளா என்பது இதில் இல்லை. அதற்கு ஒரு அடைமொழி போட்டுப் பார்த்தேன், 'பிடிவாதக்காரப் பெண்' என்றால் அவர் பக்கம் நியாயம் சாய்கிறது, 'அப்பாவிப் பெண்' என்றால் இவ்வளவு தூரம் வர மாட்டாள். அதனால் அப்படியே விட்டேன்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு "வித்தாளா?" என்றார். இன்னும் எழுதவில்லை அத்தை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வார்த்தைய அவரு வீட்டுல வச்சு சொல்ல மாட்டாருடா. களத்துல நாலு பேரு முன்னாடிதான் சொல்லுவாரு. அப்பதான் இவ வேணாம்னு சொன்னா இவதான் திமிரு புடிச்சவன்னு ஆவும்," என்றார். முதல் காட்சியை அங்கே மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.