சுங்கை சிப்புட்டில் என் துணிக்கடைக்குக் கார்டு மிஷின் வாங்கிய அனுபவம்

தோட்டச் சம்பளம் வங்கிக் கணக்கிலேயே ஏறத் தொடங்கிய பிறகு, சம்பள வாரத்தில் என் துணிக்கடைக்கு வருபவர்களில் பலர் கையில் ரொக்கம் இல்லாமல் வந்தார்கள். பணம் எடுக்கப் போன பெண்கள் திரும்பி வராமல் போனதைச் சில மாதங்கள் பார்த்த பின்புதான் கார்டு மிஷினுக்கு விண்ணப்பித்தேன்.

மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.இல் செய்த வணிகப் பதிவு, உள்ளூராட்சி மன்ற உரிமம், அடையாள அட்டை, மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, கடையின் முகப்பையும் உட்புறத்தையும் காட்டும் படங்கள் ஆகியவற்றைக் கேட்டார்கள். கடை ஒரு பெயரிலும் வங்கிக் கணக்கு என் சொந்தப் பெயரிலும் இருந்ததால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. எஸ்.எஸ்.எம். பதிவில் உள்ள அதே பெயரில் கணக்குத் திறந்து மறுபடி கொடுத்த பிறகே மிஷின் வந்தது.

கட்டணத்தில் நான் முதலில் கவனிக்கத் தவறியது வாடகை. என் ஒப்பந்தப்படி உள்நாட்டு டெபிட் கார்டுக்கு 0.6 விழுக்காடு, கிரெடிட் கார்டுக்கு 1.5 விழுக்காடு, மாத வாடகை 40 வெள்ளி. விழுக்காட்டைக் குறைக்கவே நான் பேரம் பேசினேன். ஆனால் மாதத்திற்கு 2,000 வெள்ளிதான் கார்டில் விற்கிறது என்றால், வாடகை மட்டுமே 2 விழுக்காடு ஆகிவிடுகிறது. விற்பனை குறைவான கடைக்காரர் முதலில் குறைக்கச் சொல்ல வேண்டியது வாடகையைத்தான். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

பணம் வரும் நாளைப் புரிந்துகொள்ளவும் சில வாரங்கள் ஆயின. கார்டைத் தட்டியவுடன் வருவது வங்கியின் ஒப்புதல் மட்டுமே. இரவில் கடை அடைக்கும்போது மிஷினில் SETTLEMENT அழுத்தி அன்றைய விற்பனையை மொத்தமாக அனுப்பினால்தான் அது நம் கணக்கை நோக்கி நகரும். என் வங்கியில் இரவு பத்து மணிக்குள் அனுப்பியது அடுத்த வேலை நாளில் வரும். சனி, ஞாயிறு விற்பனையைத் திங்கட்கிழமைக் கணக்கில் சேர்ப்பதால், அது செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு விற்பனையை நம்பி, ஈப்போ மொத்த வியாபாரிக்குத் திங்களன்று பணம் தருவதாகச் சொல்லியிருந்த நான், ஒரு நாள் தவணை கேட்க வேண்டியதாயிற்று.

அதே தீபாவளி நேரத்தில்தான் தகராறும் வந்தது. 640 வெள்ளிக்குப் புடவைகள் எடுத்த ஓர் இளைஞர் டெபிட் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தியதும் இணைப்பு அறுந்தது. மிஷின் பதில் வரவில்லை என்று காட்டியது. மீண்டும் போட்டபோது ஒப்புதல் கிடைத்தது. மறுநாள் அவர் கைப்பேசியோடு வந்து, "அண்ணே, ரெண்டு தடவை காசு பிடிச்சிருக்காங்க" என்றார். முதல் முயற்சிக்கு வங்கி ஒப்புதல் கொடுத்து, அவர் கணக்கில் 640 வெள்ளியைப் பிடித்து வைத்துவிட்டது. அந்த ஒப்புதல் மட்டும் என் மிஷினுக்கு வந்து சேரவில்லை. அப்படி நேர்ந்தால் மிஷின் தானாகவே ரத்துச் செய்தி அனுப்ப வேண்டும். அது சரியாகப் போய்ச் சேராவிட்டால் வாடிக்கையாளரின் பணம் சில நாள் முடங்கிக் கிடக்கும். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

அவர் தம் வங்கியில் முறையிட்டார். எனக்கு என் வங்கியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குள் 640 வெள்ளியை என் வரவிலிருந்து நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். கடிதத்தில் இருந்த ஒப்புதல் எண்ணை என் ரசீதோடு ஒப்பிட்டபோது, அது வெற்றியாக முடிந்த இரண்டாவது விற்பனையின் எண் என்று தெரிந்தது. ரசீது, அன்றிரவு SETTLEMENT முடிந்ததும் வந்த மொத்தப் பட்டியல், கடை பில், இம்மூன்றின் நகல்களையும் குறித்த நாளுக்குள் அனுப்பினேன். பட்டியலில் 640 வெள்ளி ஒரே ஒரு முறைதான் இருந்தது என்பதே என் பக்கத்தின் உண்மையான சான்று. அவருடைய முடங்கிய பணம் பத்து நாட்களுக்குள் விடுபட்டது. என்னுடையது ஆறு வாரம் கழித்து, கட்டணமாக 3 வெள்ளி 84 காசு போக, 636 வெள்ளி 16 காசாக வந்தது.

அந்த ரசீதைத் தேடும்போது, கண்ணாடிப் பெட்டியின் மேல் வெயில் படும் இடத்தில் வைத்திருந்த மற்ற ரசீதுகளில் எழுத்து வெளிறி, தொகையைக்கூடப் படிக்க முடியாமல் இருந்ததைக் கண்டேன். சூட்டால் அச்சாகும் தாள் அப்படித்தான் மங்கும். இப்போது ஒவ்வோர் இரவும் பட்டியலையும் பெரிய தொகை ரசீதுகளையும் கைப்பேசியில் படம் எடுத்து, தாளை இருட்டான இழுப்பறையில் தேதி வாரியாக வைக்கிறேன். இணைப்பு அறுந்தால், மறுபடி கார்டைக் கேட்பதற்கு முன், வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வங்கிச் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். வந்திருந்தால், வங்கியை அழைத்து அந்த விற்பனை பதிவாகியிருக்கிறதா என்று கேட்ட பிறகே இரண்டாவது முறை போடுகிறேன்.