‘விடு’ என்றாரா, ‘விடாதே’ என்றாரா: பஹ்ரைன் படகுக்காக நான் தயாரித்த சொல்லட்டைகள்

தங்கச்சிமடத்தில் விசைப்படகில் தொழில் செய்துகொண்டிருந்த எனக்கு, பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்கான விசா, ஏப்ரல் 15 அன்று தடைக்காலம் தொடங்கிய மறுவாரம் உறுதியானது. பத்தாம் வகுப்பு தேறாதவன் என்பதால் என்னுடைய பாஸ்போர்ட் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அதற்கான பதிவும் காப்பீடும் முடிய எப்படியும் சில வாரங்கள் ஆகும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். படகு கரையில் கட்டிக் கிடந்த அந்த 61 நாட்களில், படகில் பேசப்படும் அரபியைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதற்காகச் செய்த அட்டைகளைப் பற்றியும், அவற்றில் நான் செய்த தவறுகளைப் பற்றியும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ராமநாதபுரத்தில் ஒரு சிறு புத்தகம் வாங்கினேன். ஏஜென்ட் கொடுத்த இரண்டு பக்கத் தாளும் கையில் இருந்தது. இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, பஹ்ரைன் கடலில் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியபட்டினத்துக் காக்கா ஒருவரிடம் போய் ஒப்பித்தேன். மீன் என்பதற்கு ‘ஸமக்’ என்றும், இழு என்பதற்கு ‘ஜுர்’ என்றும், எத்தனை என்பதற்கு ‘கம்’ என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி, இது ஓதுற அரபி. படகுல இப்படிச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க, ஆனா அவங்க சொல்றது ஒனக்குப் புரியாது” என்றார். அங்கே மீன் ‘ஸிமச்’, இழு ‘யுர்’, எத்தனை ‘சம்’ (பச்சை என்பதில் வரும் ச போல அழுத்தி). புத்தகத்தின் ஜகரம் அந்தக் கடற்கரையில் பலருடைய வாயில் யகரமாகிவிடுகிறது. ககரம் சில சொற்களில் சகரமாகிறது. எல்லா ஊரிலும் அல்ல, சில கிராமத்தார் ஜகரத்தை அப்படியே வைத்திருப்பார்கள் என்றும் அவரே சொன்னார். ஆகவே ஒவ்வோர் அட்டையிலும் பெரிய எழுத்தில் படகுச் சொல்லையும், அதன் கீழே சிறிய எழுத்தில் புத்தகச் சொல்லையும் எழுதினேன்.

அட்டைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைத்தான் வெட்டிப் பயன்படுத்தினேன். எழுதத் தொடங்கியதும் தமிழ் எழுத்தே முதல் தடையாக நின்றது. நம் ‘த’ ஒன்றுதான், அரபியில் அந்த இடத்தில் பல ஒலிகள் உண்டு. ‘தம்’ என்று எழுதினால், ‘தம்பி’யில் வரும் வல்லொலியோடு அதைப் படித்துவிடுகிறோம், ஆனால் இரத்தம் என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்கு ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய தகரம்தான் வேண்டும். கடல் என்பதற்கான ‘பஹர்’ கூட ‘அம்பு’ என்பதில் வரும் பகரத்தோடுதான் தொடங்குகிறது. அரபிக்காரருக்கு வலிய பகரமே கிடையாது. ஆகவே மெல்லியதாக ஒலிக்க வேண்டிய எழுத்துகளையெல்லாம் சிவப்பு மையில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். தொண்டையைக் காறுவது போல வரும் ஒலிக்கு ‘ஃக’ போட்டேன்: ‘ஃகலாஸ்’, முடிந்தது. இந்த இரண்டு குறிகளும் போதுமானவையாக இருந்தன. இதற்கு மேல் குறி சேர்த்தால் அட்டையைப் படிக்கவே ஒரு பாடம் தேவைப்படும்.

இன்னொரு பழக்கத்தைக் காக்காதான் கண்டுபிடித்தார். நாம் ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ என்பது போல, ‘யுர்’ என்பதை ‘யுர்ரு’ என்று முடித்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் ஏவல் சொல்லின் கடைசியில் ‘ஊ’ சேர்ந்தால் பலரை நோக்கிய ஏவலாகிவிடும். ‘யுர்’ என்றால் நீ ஒருவன் இழு. ‘யுர்ரூ’ என்றால் எல்லோரும் சேர்ந்து இழுங்கள். நான் தவறாகச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும்வரை, தலைவர் என்னை மட்டும் அழைக்கிறாரா, நால்வரையும் அழைக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. படகுத் தலைவரை அங்கே ‘நோஃகதா’ என்கிறார்கள். மரைக்காயர் வீடுகளில் இன்றும் வழங்கும் ‘நகுதா’ அதே சொல் என்பதால், அந்த ஓர் அட்டை மட்டும் எழுதாமலே மனதில் நின்றது.

நான் போகவிருந்த படகு கூடு வைத்து மீன் பிடிப்பது. கம்பியால் பின்னிய, கவிழ்த்த அரைக்கோளம் போன்ற அந்தக் கூட்டுக்கு அங்கே ‘கர்கூர்’ என்று பெயர்; இரண்டு ககரமும் சிவப்பு மையில். நம் கரையிலும் கூடு போடுகிறோம் என்பதால் வேலை புதிதல்ல, வேலையின் நடுவே வரும் ஏவல்களே புதியவை. காக்கா சொல்லச் சொல்ல அந்த வேலையை ஓர் உரையாடலாக எழுதிக்கொண்டேன். மிதவையைக் கண்டதும் ‘யுர்’, இழு. கூடு படகை நெருங்கும்போது ‘ஷ்வை ஷ்வை’, மெல்ல மெல்ல. விளிம்பில் வந்ததும் ‘வக்கிஃப்’, நிறுத்து (அந்தக் ககரமும் சிவப்புதான்). தூக்கும்போது ‘ஷீல்’. தளத்தில் வைக்க ‘ஹுட் இஹ்னி’, இங்கே வை. மீனைக் கொட்டிவிட்டுக் கயிற்றோடு கடலில் விட ‘ஹித்’, விடு. ‘வை’ என்பதற்கான ‘ஹுட்’டும் ‘விடு’ என்பதற்கான ‘ஹித்’தும் அவசரத்தில் கேட்டால் என் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தன. பஹ்ரைனில் ஏறக்குறைய ‘ஹித்’ என்றே ஒலிக்கும் ஓர் ஊரும் இருப்பதால், அந்த ஊர்ப் பெயரை யாரும் படகில் உரக்கச் சொல்லாமல் இருக்க வேண்டுமே என்று என் மச்சான் கிண்டல் செய்தார்.

மச்சானை நோஃகதாவாக நிறுத்தி வீட்டுத் திண்ணையில் பழகியபோது எல்லாம் சரியாகவே வந்தது. பிறகு காக்கா ஒரு யோசனை சொன்னார்: நாட்டுப்படகின் எஞ்சினை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்று பழகச் சொன்னார். அப்படியே, ஒரு கூட்டில் கல்லைப் போட்டு, கயிறு கட்டி, மச்சான் பின்னால் நின்று ஏவ, நான் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பத்து ஏவல்களில் மூன்றுதான் சரியாக அமைந்தன. நான் செய்த தவறுகளுள் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை: ‘விடாதே’ என்று மச்சான் கத்தும்போதெல்லாம் நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

காரணம் அன்று இரவுதான் விளங்கியது. தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது: விடு, விடாதே, இழு, இழுக்காதே. நம் காது வினையைக் கேட்டபின், வாலில் என்ன வருகிறது என்று காத்திருந்து பழகியது. அரபியில் மறுப்பு தலையில் நிற்கிறது: ‘லா த்ஹித்’. அந்த ‘லா’ ஒரு நொடிக்கும் குறைவு. எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது ‘ஹித்’ மட்டுமே. நான் ‘ஹித்’ கேட்ட பிறகு ஏதாவது வருமா என்று காத்திருந்தேன், எதுவும் வராததால் விட்டேன். புத்தகத்திலும் ஏஜென்ட் தாளிலும் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே ‘லா: இல்லை, வேண்டாம்’ என்று தனிச் சொல்லாக மட்டுமே கொடுத்திருந்தார்கள்.

ஆனால் அந்த மறுப்புக்கு இரண்டாவது அடையாளம் ஒன்று உண்டு. மறுக்கும்போது வினையின் முன் ஒரு ‘த்’ ஒட்டிக்கொள்கிறது: ஹித், லா த்ஹித், யுர், லா த்யுர், ஷீல், லா த்ஷீல். ‘லா’ போனாலும் ‘த்’ பிழைக்கக்கூடும். ஆகவே ஒவ்வோர் ஏவலுக்கும் இரண்டு அட்டைகள் செய்து, மறுப்பு அட்டையின் இடது ஓரத்தை மட்டும் கத்தரித்தேன். இருட்டில் கையால் தடவினாலும் தலையில் ஏதோ இருக்கிறது என்பது தெரியும். மச்சான் ‘லா’வைச் சொல்லாமலே ‘ஹித்’, ‘த்ஹித்’ என்று மாற்றி மாற்றிச் சொல்ல, நான் பிடிப்பதும் விடுவதுமாக ஒன்பது நாட்கள் பழகினோம். கடைசி நாளில் எஞ்சின் சத்தத்தோடு பத்துக்கு எட்டு வந்தது.

எண்களும் இதே வழியில் தலைகீழாக இருந்தன. இருபத்தைந்து என்பதை அவர்கள் ‘ஃகம்ஸ வ இஷ்ரீன்’, ஐந்தும் இருபதும், என்கிறார்கள். கூட்டின் எண்ணிக்கையை எழுதும்போது முதலில் கேட்ட ஐந்தை எழுதிவிட்டு அதன் பக்கத்தில் இரண்டைப் போட்டால் 52 ஆகிவிடும். இதற்கு அட்டை உதவவில்லை. மச்சான் எண்ணைச் சொல்ல, நான் இரண்டாவது சொல் வரும்வரை பேனாவைத் தாளில் வைக்காமல் இருப்பது என்ற பழக்கம்தான் உதவியது.

மற்றோர் குறையைப் புறப்படும் வாரத்தில்தான் கவனித்தேன். ‘ராஸி யிஅவ்விர்னி’, எனக்குத் தலை வலிக்கிறது, என்று ஓர் அட்டை வைத்திருந்தேன். காக்கா அதைக் கேட்டதும் ‘மின் மித்தா?’ என்று திருப்பிக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டிருக்கிறார். நான் பேசும் வாக்கியத்தை எழுதினேனே தவிர, அதற்கு வரக்கூடிய பதிலை எழுதவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கேள்வி அட்டைக்கும் பின்பக்கத்தில் நான் கேட்க நேரும் இரண்டு பதில்களை எழுதினேன். கயிறு எங்கே என்ற அட்டையின் பின்னால் ‘ஃபோக்’, மேலே, ‘தஹத்’, கீழே.

பஹ்ரைன் போய்ச் சேர்ந்தபோது என் பையில் 46 அட்டைகள் இருந்தன. ‘நலமா’, ‘மிக்க நன்றி’ போன்ற அட்டைகளைப் படகில் எடுத்ததே இல்லை. நோஃகதா பேசியது ஏறத்தாழ காக்காவின் அரபிதான். ‘த்’ அவர் வாயில் தெளிவாகவே கேட்டது. ஆனால் எங்களோடு இருந்த வங்காளதேசத்துத் தொழிலாளி பேசியது, வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உடைந்த அரபி. அவர் விடாதே என்பதற்கு ‘மாஃபி ஹித்’ என்றார். அதில் ‘த்’ கிடையாது. முதல் வாரத்தில் ஒரு காலை, அவர் அப்படிக் கத்தியதும் என் பிடி தளர்ந்தது. கூடு அரை ஆள் ஆழம் இறங்கியபின் கயிற்றை மீண்டும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை ‘ஹித்’ அட்டையின் பின்பக்கத்தில் ‘மாஃபி’யையும் சேர்த்தேன். அதன் கீழே ‘ஷ்னு?’ என்று எழுதிக்கொண்டேன். என்ன என்று பொருள். சரியாகக் கேட்கவில்லையென்றால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைத் திருப்பிக் கத்த வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. இப்போது ஊரிலிருந்து என் சின்னம்மா மகன் வர இருக்கிறான். அவனுக்கு அனுப்பிய கட்டில் முதல் அட்டையாக ‘ஷ்னு?’வை வைத்து, நாட்டுப்படகு எஞ்சினுக்கு டீசல் செலவு என் கணக்கில் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.