சப்பரம் ஒரு நாள், பூசை ஒரு நாள்

உவரி அந்தோனியார் கோயிலுக்குத் திருவிழாவின்போது போனால், கோயிலைச் சுற்றி ஒரு தற்காலிக ஊரே முளைத்திருக்கும். பாய், அடுப்பு, அரிசி, குடம் என்று குடும்பம் குடும்பமாக வந்து, 13 நாளும் ஓலைக் கொட்டகையிலோ தார்ப்பாய்க்குக் கீழோ தங்கிவிடுவார்கள். ஒரு பக்கம் மொட்டை போடுகிறார்கள், ஒரு பக்கம் உப்பும் மிளகும் காணிக்கை வைக்கிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். நாங்கள் திசையன்விளை வழியாகப் போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மாதம் பிப்ரவரி.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சித்தி மகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “அண்ணே, அந்தோனியார் திருநாள் ஜூன் 13தானே? காலண்டர்ல அப்படித்தான போட்டிருக்கு. இங்க என்ன பிப்ரவரியில?”

நியாயமான கேள்வி. காலண்டரிலும் தப்பில்லை, உவரியிலும் தப்பில்லை. புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளைத்தான் திருச்சபை திருநாளாக வைக்கிறது. அது அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது நம்பிக்கை. பதுவைப் புனித அந்தோனியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தார். அடக்கம் நடந்தது ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. முன்னதன் தேதி காலண்டருக்குப் போனது, பின்னதன் கிழமை மக்கள் பக்திக்குப் போனது. நம்மூர் அந்தோனியார் கோயில்களில் செவ்வாய்க்கிழமை கூட்டம் நெரிவது இதனால்தான். அடுத்த ஆண்டே, 1232 மே 30 அன்று, அவருக்குப் புனிதர் பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

சரி, அப்படியானால் உவரியில் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் நடப்பது என்ன? அது அந்தத் திருத்தலத்தின் திருவிழா: கொடியேற்றம், நவநாள், தேர், நேர்ச்சை. ஜூன் 13 என்பது திருவழிபாட்டு நாள்காட்டியில் உள்ள நாள். ஜூன் 13க்கு எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் அந்தோனியாரின் செபங்களோடு பூசை வைக்கலாம். பிப்ரவரித் திருவிழா உவரிக்கே உரியது. நாள்காட்டி கட்டுப்படுத்துவது பூசையைத்தான். எந்த நாளில் எந்தச் செபம், எந்த வாசகம், குரு என்ன நிற உடுப்பு போடுவது என்பதை. கொடி என்றைக்கு ஏற்றுவது, சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது, ஊர்ச் சாப்பாடான அசனம் எப்போது என்பதெல்லாம் பங்குத்தந்தையும் ஊரும் கூடிப் பேசி முடிவு செய்வது. இரண்டும் ஒரே நாளில் அமைந்தால் யாருக்கும் கேள்வி வராது. விலகும்போதுதான் ஆள் ஆளுக்குத் தேதி சொல்வார்கள்.

அவளுக்கு இதைப் புரியவைக்க, என் அம்மா பிறந்த ஊரில் 2023இல் நடந்ததைச் சொன்னேன். அங்கே இருப்பது சவேரியார் கோயில். புனித சவேரியார் சீனக் கரையோரத்துச் சான்சியான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்று இறந்தார். முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்தவர் என்பதால் நம் பக்கம் அவர் பெயரில் கோயிலுக்குக் குறைவில்லை. எங்கள் ஊர்க் கணக்கு எளிது. நவம்பர் 24 கொடியேற்றம், டிசம்பர் 3 பத்தாம் திருநாள். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் தேதி கேட்கவே மாட்டார்கள், நேரே ரயிலில் இடம் போட்டுவிடுவார்கள்.

2023இல் டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் லீவு, இன்னும் வசதி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கோயிலில் காலைப் பூசைக்குப் போய் உட்கார்ந்தால், சாமியார் ஊதா உடுப்பில் வருகிறார்! திருவிழா என்றால் வெள்ளை உடுப்பு, “உன்னதங்களிலே” பாட்டு. அன்றைக்கு அந்தப் பாட்டும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த மாமா, “என்ன மக்கா, துக்க பூசையா?” என்று காதைக் கடித்தார்.

துக்கம் ஒன்றுமில்லை. அது கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. டிசம்பர் 3 ஞாயிறாக வந்தால் அது எப்போதுமே அந்த முதல் ஞாயிறாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் விழ முடியும். திருவருகை, தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளுக்கு எந்தப் புனிதரும் இடம் கேட்க முடியாது. கோயிலின் பாதுகாவலரே ஆனாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். ஆனால் அவருடைய நாள் அந்த ஆண்டு காணாமல் போய்விடாது. பாதுகாவலரின் நாள் அவருடைய சொந்தக் கோயிலில் பெருவிழா என்ற தகுதிக்கு ஏறிவிடுகிறது. பெருவிழா இடம் பறிகொடுத்தால் மறுநாள் திங்களுக்குப் போகும். ஆக 2023இல் எங்கள் ஊர்ச் சவேரியாரின் பெருவிழாப் பூசை டிசம்பர் 4, திங்கள். சப்பரத்துக்கு அந்தத் தடை இல்லை. ஊர்க்காரர்கள் அதைச் சனிக்கிழமை இரவே சுற்றிக் கொண்டுவந்து விட்டார்கள், கும்பிடு சேவை செய்கிறவர்கள் பின்னாலேயே தெருவில் விழுந்து விழுந்து எழுந்து வந்தார்கள். அசனம் ஞாயிறு மதியம். வெளியூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிப் போனார்கள். திங்கட்கிழமை வெள்ளை உடுப்புப் பூசைக்கு இருந்தவர்கள் ஊரோடு இருக்கிற கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். எனக்கென்னவோ அந்தப் பூசைதான் நன்றாக இருந்தது. மைக் செட் சத்தம் இல்லை.

அதே ஆண்டு மார்ச்சில் சூசையப்பருக்கும் இப்படித்தான் ஆனது. மார்ச் 19 தவக்கால ஞாயிறு, பெருவிழா மார்ச் 20க்குத் தள்ளிப் போனது. அவருடையது உலகம் முழுக்கப் பெருவிழா என்பதால் எல்லாக் காலண்டரிலும் மாற்றி அச்சடித்திருந்தார்கள். ஒரு கோயிலுக்கு மட்டும் உரிய மாற்றம் கடைக் காலண்டரில் வராது. அந்தக் கோயிலின் பாதுகாவலர் யார் என்பது காலண்டர் அச்சடிப்பவருக்குத் தெரியாதே!

தங்கச்சி விடவில்லை. “அப்ப ஜூன் 13 ஞாயித்துக்கிழமை வந்தா அந்தோனியாரும் தள்ளிப் போவாரா?”

போக மாட்டார். ஜூன் 13 பெரும்பாலும், இந்தச் சிறப்புக் காலங்கள் எதிலும் சேராத பொதுக்காலத்தில் வரும், அந்த ஞாயிறுகளைவிடக் கோயிலின் சொந்தப் பெருவிழா பெரியது. 2021இல் ஜூன் 13 ஞாயிறு. மற்றக் கோயில்களில் அது பொதுக்காலத்தின் 11ஆம் ஞாயிறு, பச்சை உடுப்பு. அந்தோனியார் அங்கே வெறும் நினைவு என்ற தகுதியில் இருப்பதால் அந்த ஆண்டு அவருக்கு நாளே இல்லை. அந்தோனியார் பெயரில் உள்ள கோயிலில் மட்டும் ஞாயிறு விலகி நிற்க, அவருக்கு வெள்ளை உடுப்புப் பெருவிழா. ஆனால் அது ஊரடங்குக் காலம், கோயில் கதவே பூட்டிக் கிடந்தது, இந்தச் சட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அடுத்து 2027இல் ஜூன் 13 ஞாயிறாக வருகிறது. பொதுக்காலத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பெருவிழா வார நாளில் வந்தால், மக்கள் வசதிக்காகப் பக்கத்து ஞாயிறிலும் அதைக் கொண்டாடிக்கொள்ளலாம். திருவருகையிலும் தவக்காலத்திலும் அந்தச் சலுகை கிடையாது. டிசம்பர் புனிதர்களின் கோயில்காரர்களுக்கு இது கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

எல்லாம் பேசிக்கொண்டே கப்பல் மாதா கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் தேநீருக்கு நிறுத்திய ஊரில் சாலையோரம் சின்னதாக ஒரு கோயில், முகப்பில் “புனித அந்தோனியார் ஆலயம்” என்று மட்டும் எழுதியிருந்தது. “இதுக்கும் ஜூன் 13தான்” என்றாள் அவள், பாடம் படித்துவிட்ட தோரணையில். உள்ளே எட்டிப் பார்த்தால் சுரூபத்தில் குழந்தை இயேசுவும் இல்லை, லீலி மலரும் இல்லை. நரைத்த தாடி, கையில் கோல், காலடியில் ஒரு பன்றி. வனத்து அந்தோனியார்! எகிப்துப் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்து 356இல் இறந்தவர். அவருடைய நாள் ஜனவரி 17. பதுவை அந்தோனியாருக்கு ஏறக்குறைய 900 ஆண்டு மூத்தவர். நம் பக்கம் இரண்டு பேருக்கும் கோயில் இருப்பதால் பெயரை மட்டும் வைத்துக் காலண்டர் பார்த்தால் ஐந்து மாதம் தவறிவிடும்.

மாதா கோயில்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். லூர்து மாதா என்றால் பிப்ரவரி 11, பனிமய மாதா ஆகஸ்டு 5, பரலோக மாதா ஆகஸ்டு 15, ஆரோக்கிய மாதா செப்டம்பர் 8. வெறும் “மாதா கோயில்” என்று கேட்டுக்கொண்டு போனால் ஒன்றும் பிடிபடாது, எந்த மாதா என்று கேட்க வேண்டும். திரு இருதய ஆண்டவர் கோயிலுக்குத் தேதியே கிடையாது. ஈஸ்டரிலிருந்து 68 நாள் எண்ணினால் வருகிற வெள்ளிக்கிழமை அது. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20, அதனால் ஜூன் 27.

கோயிலைத் திறந்து வைத்திருந்த உபதேசியாரிடம் கேட்டோம். ஜனவரி 17தானா, இல்லை இங்கேயும் மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். குருக்கள் கையில் இருக்குமே அந்தத் திருவழிபாட்டு நாள்காட்டி, ஒவ்வொரு நாளுக்கும் நிறம், வாசகம், விழாத் தகுதி எல்லாம் குறித்திருக்கும். ஜனவரி 17இல் பேனாவால் கோடு போட்டு “நம்ம கோயில் பெருவிழா” என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

“பூசைத் தேதிய இதுல பாத்துக்கிடலாம் தம்பி. சப்பரத்துக்கு நோட்டீஸ் அடிச்சதும்தான் தெரியும். போன வருசம் பொங்கல் லீவுக்கு ஆள் வந்திருக்கும்போதே இழுத்துட்டோம். உங்களுக்கு எந்தத் தேதி வேணும், பூசையா, சப்பரமா?”

தங்கச்சி இரண்டையும் குறித்துக்கொண்டாள்.