சென்னையிலிருந்து கோவைக்கு வீடு மாறும்போது: மூட்டை, கேஸ், மின்சாரம், முகவரி

வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு, ஊர் விட்டு ஊர் மாறுவதற்கு ஆறு வாரம் வேண்டும். மூட்டை கட்ட அவ்வளவு நாள் ஆகாது. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்ததைத் தொட முடியும் என்ற மாதிரி பல வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால்தான் இவ்வளவு முன்கூட்டித் தொடங்கச் சொல்கிறோம். சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் இரண்டு படுக்கையறை வீட்டை வைத்தே சொல்கிறோம்.

முதல் வாரத்தில் கைவைக்க வேண்டியது பரண். வருஷத்துக்கு ஒருமுறை இறக்கும் கொலு பொம்மை, பெரிய பாத்திரங்கள், பழைய பாடப் புத்தகங்கள் எல்லாம் இதில் வரும். அடுத்து புத்தக அலமாரி, பிறகு விருந்தினருக்கான படுக்கை, பட்டுப்புடவை பீரோ. அன்றாடம் கை படும் பொருள் எதுவோ அது கடைசி. புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பவே கூடாது. கொண்டுபோக முடியாத கனம் ஏறி, தூக்கும்போது அடிப்பாகம் பிய்ந்துவிடும். ஒரு ஆள் அலுங்காமல் தூக்கக்கூடிய 15 கிலோ அளவே ஒரு பெட்டிக்குச் சரி. பெரிய பெட்டிகளைத் தலையணை, போர்வை, பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல்பக்கம் மட்டும் எழுதினால் அடுக்கியபின் தெரியாது. இரண்டு பக்கவாட்டிலும் எண்ணும், புது வீட்டில் எந்த அறைக்குப் போகிறது என்பதும் இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் அதே எண்ணுக்கு நேரே எழுதிவைத்தால், இறக்கும்போது பெட்டி குறைந்தால் லாரி ஆட்கள் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

சமையலறையில் கண்ணாடியைப் போலவே கிரைண்டரிலும் கவனம் வேண்டும். குழவிக் கற்களை உள்ளேயே விட்டு ஏற்றினால், வண்டி குலுங்கும்போது கல் ஆடி டிரம்மின் அச்சு வளைந்துபோகும். கற்களைக் கழற்றித் தனித்தனியாகப் பழைய துண்டில் சுற்றி, டிரம்மை வேறு பெட்டியில் வைக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினிலும் இதே ஆபத்து உண்டு. வாங்கியபோது பின்பக்கம் இருந்த நீளமான போல்ட்டுகளைக் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். அவற்றை மறுபடி முறுக்காமல் ஏற்றினால் டிரம் தாங்கிகள் போய்விடும். தொலைந்திருந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸில் இப்போதே கேட்டு வாங்குங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஃப்ரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, ஐஸ் உருகிய தண்ணீரைத் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். புது வீட்டில் இறக்கியதும் சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் அப்படியே விட வேண்டும்.

கடைசி வாரத்தின் வேலைகளை முடிவுசெய்வது கேஸ்தான். ஒரே ஊருக்குள் மாறினால் சிலிண்டரைக் கையோடு வைத்துக்கொண்டே ஏஜென்சியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஊர் மாறினால் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இணைப்பு மாற்ற வவுச்சரைப் பெற வேண்டும். கோவை ஏஜென்சியில் அதைக் காட்டினால்தான் அங்கே சிலிண்டர் வரும். இணைப்பு எடுத்தபோது கொடுத்த டெபாசிட் ரசீது வீட்டில் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே பாருங்கள். அது இல்லையென்றால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டிவரும், அதற்கு நாள் பிடிக்கும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் கேஸுக்குப் பணம் கிடையாது. அதனால் கடைசி மூன்று வாரத்தில் புது சிலிண்டர் புக் செய்யாமல் இருப்பது நல்லது.

ஒப்படைத்த நாளிலிருந்து சமையல் இண்டக்‌ஷன் அடுப்பில்தான். அதற்கேற்ற ஒரு பால் பாத்திரம், ஒரு குக்கர், ஒரு தோசைக்கல் மட்டும் வெளியே இருக்கட்டும். இவற்றோடு டம்ளர், காப்பித்தூள், மருந்து, சார்ஜர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரு பையில் உங்களோடு காரிலோ ரயிலிலோ வர வேண்டும், லாரியில் ஏறக்கூடாது. கோவையில் கேஸ் வர நாளானாலும், நல்ல நேரத்தில் பால் காய்ச்ச அந்த அடுப்பு உதவும்.

மின்சாரத்தில் இணைப்பு மாற்றம் எதுவும் இல்லை. சர்வீஸ் நம்பர் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும். தகராறு வருவது கணக்கில். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நீங்களோ நடுவில் காலி செய்கிறீர்கள். உதாரணமாக, கடைசி ரீடிங் எடுத்ததிலிருந்து நீங்கள் ஓட்டியது 320 யூனிட், அடுத்து வந்தவர் ஓட்டியது 240 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 560. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டதால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. மொத்த பில்லை விகிதம் போட்டுப் பிரித்தால், அடுத்தவர் ஓட்டிய ஏசிக்கு நீங்களும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். மின்வாரியத் தளத்தில் இருக்கும் கட்டணக் கணக்கீட்டில் 320 யூனிட்டை மட்டும் போட்டு, அந்தத் தொகையைச் சாவி கொடுக்கும் நாளிலேயே கட்டி முடித்துவிடுவதே எங்கள் யோசனை. இலவச 100 யூனிட் முழுவதும் உங்கள் பங்குக்கு வந்துவிடுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது நியாயமான பேச்சு, அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். டிஜிட்டல் மீட்டர் தேதி, வோல்டேஜ் என்று மாற்றி மாற்றிக் காட்டும். kWh என்று வரும் நொடியில்தான் படம் எடுக்க வேண்டும். புது வீட்டிலும் உள்ளே நுழையும் நாளில் இதையே செய்யுங்கள். அந்த சர்வீஸ் நம்பருக்கு பாக்கி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

முகவரி மாற்றத்தில் ஒரே நாளில் எல்லா விண்ணப்பமும் போடுவதுதான் பலரையும் சுற்றலில் விடுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு மின் பில் சான்றாகாது, அதில் இருப்பது வீட்டுக்காரர் பெயர். அடித்தளம் வாடகை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் அதை tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திடும் முன் கதவு எண்ணைப் பாருங்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும் தெருக்களில், ஒப்பந்தத்தில் ஒன்றும் விண்ணப்பத்தில் இன்னொன்றும் இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இரண்டையும் சேர்த்து, எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் முதலில் தன் ஆதாரை மாற்ற வேண்டும். அது முடிந்தபின் மற்றவர்கள் அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி, அவர் ஒப்புதல் வழியில் விண்ணப்பிக்கலாம், தனியாக முகவரிச் சான்று தேவையில்லை. தலைவர் தன் ஆதார் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், தவறினால் அந்த விண்ணப்பம் முடிந்துவிடும். தலைவரின் ஆதார் மாறும் முன் மனைவி விண்ணப்பித்தால் பழைய சென்னை முகவரிதான் வந்து சேரும்.

ஆதார் கைக்கு வந்தபின் வங்கி, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 எல்லாம் எளிது. வண்டியின் ஆர்.சி.யை மட்டும் தள்ளிப்போட முடியாது. முகவரி மாறி 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வங்கி செக் புத்தகம், புது ஏடிஎம் கார்டு இரண்டையும் முகவரி மாறும்வரை கேட்காதீர்கள், அவை பழைய வீட்டு வாசலுக்கே போகும். மற்ற கடிதங்களுக்குப் பழைய வீட்டுப் பகுதி தபால் நிலையத்தில் புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.