சித்தப்பாவுக்கு எழுதிய இரண்டாவது கடிதம்

2014-இல் குவைத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், புதுக்கோட்டைப் பக்கம் என் பெயரில் இருந்த 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்துக்குச் சித்தப்பாவுக்குப் பொது பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்தேன். குத்தகைக்கு விடத்தான் நினைத்தேன். பத்திரம் எழுதியவர் வழக்கமான வாசகத்தைப் போட்டதில் விற்கும் அதிகாரமும் சேர்ந்துகொண்டது. நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 2022-இல் தம்பி போனில், "யாரோ வந்து நிலத்தை அளந்துட்டுப் போறாங்கண்ணே" என்றான்.

சித்தப்பாவோடு மல்லுக்கட்ட மனமில்லை. "இனி நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்று எழுதி, ஊரில் ஒரு வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் காட்டினேன். "இதில் பவர் என்ற சொல்லே இல்லையே தம்பி" என்றார். பவர் ரத்தான செய்தி சித்தப்பாவுக்குத் தெரியும்போதுதான் அவரைப் பொறுத்தவரை அதிகாரம் முடியும். அதற்குள் அவர் கிரயம் செய்து கொடுத்துவிட்டால் அது என்னைக் கட்டும். பவர் கொடுத்தபோது அவரிடம் பணம் ஏதும் வாங்கினேனா என்றும் கேட்டார். வாங்கியிருந்தால் இப்படி நானாக ரத்து செய்ய முடியாதாம். நல்லவேளை, வாங்கவில்லை.

இரண்டாவது கடிதம் இப்படிப் போனது:

"அன்புள்ள சித்தப்பாவுக்கு, வணக்கம். எட்டு வருடம் நிலத்தைக் காத்ததற்கு நன்றி. கீழே குறித்துள்ள எண்ணில் 2014-இல் நான் எழுதிக் கொடுத்த பொது அதிகார ஆவணத்தை ரத்து செய்கிறேன். இக்கடிதம் கிடைத்த நாள் முதல் அதன் பேரில் விற்கவோ, அடமானம் வைக்கவோ, முன்பணம் வாங்கவோ வேண்டாம். ஏற்கெனவே யாரிடமாவது பேசியிருந்தால் விவரம் எழுதுங்கள். அசல் பத்திரத்தைத் தம்பியிடம் கொடுங்கள்."

கீழே ஆவண எண், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண். நன்றி சொன்ன வரியை எடுக்கச் சொன்னார் வக்கீல். நான் எடுக்கவில்லை.

கையெழுத்திட்டு வக்கீலுக்குக் கூரியரில் அனுப்பினேன். நகல் எடுத்துக்கொண்டு வக்கீல் அதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தார். சித்தப்பா கையெழுத்தோடு திரும்பி வந்த அட்டைதான், செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்த தேதிக்குச் சாட்சி.

ஆனால் நிலம் வாங்க வருகிறவருக்கு இந்தக் கடிதம் தெரியாதே! அதனால் அடுத்த மாதமே லீவு போட்டு வந்து, பவர் பதிவான அதே அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்தேன். அதற்குச் சித்தப்பா கையெழுத்து தேவைப்படவில்லை. லீவு கிடைக்காவிட்டால், ரத்துப் பத்திரம் எழுதிப் பதியத் தம்பிக்கு ஒரு தனிப் பவரை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கலாம். அந்தப் பவர் ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து tnreginet.gov.in-இல் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 2014 பவர், கீழே ரத்து. நடுவில் கிரயம் எதுவும் இல்லை. அளக்க வந்தவர்கள் யாரென்று சித்தப்பா இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.