சலநாட்டைக்குள் ஒரு ராக் கார்டு: 'பனி விழும் மலர்வனம்' எலெக்ட்ரிக் கிடாரில்

கிடாரில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளில், நெடுநாளாகப் பிடி கொடுக்காமல் இருந்த ஒன்று கடந்த வாரம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தில் எஸ்.பி.பி. பாடிய 'பனி விழும் மலர்வனம்' பாடலை, டிஸ்டார்ஷன் போட்ட எலெக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு வாசிக்கும் முயற்சியில் இருக்கிறேன். இளையராஜா இப்பாடலைச் சலநாட்டை ராகத்தில் அமைத்திருக்கிறார் என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்ததே. முப்பத்தாறாவது மேளகர்த்தாவான அந்த ராகம் ராக் கிடாருக்கு எப்படி இவ்வளவு இணக்கமாக இருக்கிறது என்பதைக் கையில் வாசித்துப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

வசதிக்காக ஈ சுருதியை எடுத்துக்கொண்டேன். அப்போது ராகத்தின் ஸ்வரங்கள் ஈ, ஜி, ஜி ஷார்ப், ஏ, பி, டி, டி ஷார்ப் என்று வரும். ராக் இசையின் அடிப்படையான பவர் கார்டு என்பது ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே. ராகத்துக்கு வெளியே போகாமல் எந்தெந்த ஸ்வரத்தின் மேல் அதை வைக்க முடியும் என்று எழுதிப் பார்த்தால் ஷட்ஜமம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம், தைவதம் ஆகிய ஐந்தும் இடம் தருகின்றன; பஞ்சமமும் நிஷாதமும் இடம் தருவதில்லை. பஞ்சமத்தின் மேல் கட்டினால் எஃப் ஷார்ப் வந்துவிடும், அதாவது சதுச்ருதி ரிஷபம் எட்டிப் பார்க்கும். ஆகவே மேல்நாட்டு முறையில் பழகியவர்கள் முதலில் தேடிப் போகும் ஐந்தாம் கார்டு இங்கே கிடையாது. எஞ்சியிருப்பவற்றில் காந்தாரத்தை விட்டுவிட்டுப் பாருங்கள்: ஈ, ஜி, ஏ, டி. ஹார்ட் ராக் குழுக்கள் தலைமுறை தலைமுறையாக ரிஃப் கட்டிவரும் கார்டுகள் இவைதான். பாடலின் மூலப் பதிவில் இவை ஒலிக்கின்றன என்று நான் வாதிடவில்லை. ராகம் தன் இலக்கணத்துக்கு உள்ளேயே இவற்றுக்கு அனுமதி தருகிறது என்பதே என் வியப்பு.

என்னை வாட்டியது இவற்றில் எதுவுமில்லை. ஈ செவன் ஷார்ப் நைன் என்ற ஒற்றைக் கார்டுதான். 1967-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 'பர்ப்பிள் ஹேஸ்' பாடலில் பயன்படுத்தியதால் அவர் பெயராலேயே பலரும் குறிப்பிடும் கார்டு அது. ஐந்தாம் கம்பியில் ஏழாவது ஃபிரெட், நான்காம் கம்பியில் ஆறாவது, மூன்றாம் கம்பியில் ஏழாவது, இரண்டாம் கம்பியில் எட்டாவது. இவற்றை ஸ்வரமாகச் சொன்னால் கீழிருந்து மேலாக ஷட்ஜமம், அந்தர காந்தாரம், ஷட்ச்ருதி தைவதம், ஷட்ச்ருதி ரிஷபம். நான்குமே சலநாட்டையின் சொந்த ஸ்வரங்கள். மேஜர் தேர்டும் மைனர் தேர்டும் ஒரே கார்டில் மோதிக்கொள்வதைத்தான் ப்ளூஸ் கலைஞர்கள் தங்கள் சுவையாகக் கொண்டாடுகிறார்கள். நம் ராகம் அந்த இரண்டையும் ரிஷபம், காந்தாரம் என்று பெயரிட்டு அடுத்தடுத்து உட்கார வைத்திருக்கிறது.

தாளில் இவ்வளவு அழகாகத் தெரிந்த கார்டு, டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தவுடன் சேறாகிவிட்டது. காரணம் எளிது. ஒலி முறியும்போது, வாசிக்கும் இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண்களுடைய கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. ஷட்ஜமமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருப்பதால் அவற்றின் வித்தியாசம் ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜமத்திலேயே வந்து விழுகிறது; பவர் கார்டு அத்தனை திடமாக ஒலிப்பது அதனால்தான். காந்தாரத்தையும் மேல் ரிஷபத்தையும் சேர்த்து முறித்தாலோ, சுருதியோடு எந்த உறவும் இல்லாத ஓர் உறுமல் அடியில் எழுகிறது. கார்டை வாசித்து அப்படியே ஒலிக்க விட்டால் அது நடுங்கும். ஈ செவன் ஷார்ப் நைன் குழைந்துபோயிருக்கிறது என்பதற்கு அந்த நடுக்கமே அடையாளம்.

நிவாரணம் மூன்று பக்கங்களிலிருந்து வந்தது. கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கி, பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறினேன். திறந்த ஆறாம் கம்பியை வாசிக்காமல் ஷட்ஜமத்தைப் பேஸிடம் ஒப்படைத்தேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கார்டை நீட்டி ஒலிக்க விடாமல் குட்டையாக வெட்டி வாசித்தேன். ஸ்நேர் விழும் இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஒரு வெட்டு. நடுக்கம் எழுவதற்குள் ஒலி அடங்கிவிடுகிறது, காரம் மட்டும் நிற்கிறது. டிரம்ஸும் கிடாரும் ஒரே தட்டில் சேர்ந்து விழும்போதுதான் இது திரைப்பாடலாக இல்லாமல் ராக் பாடலாக நடக்கத் தொடங்குகிறது.

இடையிசைக்கு வாசிக்கும் லீடில் வேறொரு தொல்லை உண்டு. இரண்டாம் கம்பியில் எட்டாவது ஃபிரெட்டில் ரிஷபத்தை வைத்து, கம்பியைத் தள்ளிக் காந்தாரத்தைத் தொட வேண்டும். ப்ளூஸ் பழகிய விரல் அரை வழியிலேயே நின்றுவிடும். அங்கே அது சுவை, இங்கே அது சுருதிப் பிசகு. நாட்டையில் ரிஷபம் காந்தாரத்தைத் தொட்டு அசைவதைக் கேட்டு வளர்ந்த காது அந்த அரைகுறையை மன்னிப்பதில்லை. முதலில் ஒன்பதாவது ஃபிரெட்டை வாசித்துக் காதில் நிறுத்திக்கொண்டு, பிறகு எட்டாவதிலிருந்து அதை நோக்கித் தள்ளுவதே நல்ல பயிற்சி. இதற்கு 0.009 கம்பித் தொகுதி போதும், 0.010 விரலைப் பதம் பார்க்கிறது. கம்பியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு புலம்பல்: இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு தொகுதி, உறையில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தும், ஓரிரு நாளிலேயே சுருதி நிற்காமல் துருவும் பிடித்தது. இனி கடைக்கு நேரில் போய், உறையைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

இந்த வேலைக்கு நடுவே இயக்குநர் ஸ்ரீதரின் பழைய படப் பாடல்களையும் கேட்கத் தொடங்கினேன். 'நினைவெல்லாம் நித்யா'வை இயக்கியவர்தான் 1964-இல் 'காதலிக்க நேரமில்லை'யையும் இயக்கினார். அதில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அமைத்த 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாடலில், அன்று உலகமெங்கும் பரவியிருந்த ட்விஸ்ட் நடையின் துள்ளல் அப்படியே இறங்கியிருக்கிறது. அங்கே தாளமும் துள்ளலும்தான் மேல்நாட்டிலிருந்து வந்து, மெட்டை மேலே தூக்கிக்கொண்டு போகின்றன. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநருக்காக இளையராஜா அமைத்த பாடலில், தாளம் ராக்கின் பக்கம் சாய, மெட்டு மேளகர்த்தா ராகத்தில் ஊன்றி நிற்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்று, தாமே கிடார் வாசித்துப் பழகிய ஒருவர் ராகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கிடாரின் ஃபிரெட்டுகளும் மனக்கண்ணில் ஓடியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ராக் தாளத்தை எந்த ராகத்தின் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள், இதே ரிஃபை ஹிந்தோளத்தில் முயன்று பார்க்கட்டும். பஞ்சமமே இல்லாத அந்த ராகத்தில் ஷட்ஜமத்தின் மேலேயே பவர் கார்டு வைக்க முடியாது.

சரணத்தின் பேஸ் வரிசை இன்னும் பாக்கி. கிடார் விட்டுவிட்ட ஷட்ஜமத்தைத் தாங்கிக்கொண்டே பேஸ் தனி மெட்டாகவும் நகர வேண்டும். ஷட்ஜமத்திலிருந்து தைவதத்துக்கு இறங்கும் இடத்தில் நிஷாதத்தை உரசிக்கொண்டு போவதா, தாண்டிக் குதிப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாடலுக்கு டிஸ்டார்ஷன் இல்லாத துப்புரவான தொனியும் கொஞ்சம் ஸ்பிரிங் ரிவர்பும் வைத்துப் பார்க்கும் ஆசை வேறு வந்துவிட்டது. பழைய ரிவர்ப் டேங்க் வைத்திருக்கும் ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்கும் தொகைக்கு இன்னொரு கிடாரே வாங்கிவிடலாம்.