அப்பாவின் காலும் சிறுநீரகமும்: ஒரே விலக்குக் கடிதம், இரண்டு முடிவுகள்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2001இல் தெரிந்தது. சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு அவருக்கு இருந்தது. அதற்கு மேல் தனியார் நிறுவனம் ஒன்றின் ஷீல்டு திட்டத்தை 2009இல்தான் எடுத்தோம், அரசாங்க மருத்துவமனையின் பி1 வார்டு வரைக்குமானது. விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைக்கவில்லை. அதனால் பாலிசியோடு ஒரு பக்கக் கடிதமும் சேர்ந்து வந்தது. "நீரிழிவு நோயும் அதனால் விளையும் சிக்கல்களும் இத்திட்டத்தின் கீழ் விலக்கப்படுகின்றன" என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. கோப்பில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டோம். 'சர்க்கரைக்கான மாத்திரை, ஊசிக்குப் பணம் தரமாட்டார்கள் போல' என்றுதான் நான் அப்போது புரிந்துகொண்டேன்.

2022 மார்ச்சில் அப்பாவின் வலது காலில் இரண்டாவது விரல் கறுத்துப்போனது. புதுச் செருப்பு உராய்ந்து கொப்புளம் வந்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. அம்மா பார்த்துச் சொன்ன அன்றே காய்ச்சலும் வந்துவிட்டது. அவசரப் பிரிவில் எந்த வார்டு என்று கேட்டபோது, திட்டம் இருக்கிறதே என்ற தைரியத்தில் பி1 என்று கையெழுத்துப் போட்டேன். அங்கே பதினாறு நாள் இருந்தார். காலில் அடைத்திருந்த ரத்தக்குழாயைப் பலூன் வைத்து விரித்தார்கள். விரலையும் அதற்குப் பின்னால் இருந்த எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். பில் ஏறக்குறைய 26,000 வெள்ளி.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, இரண்டு காலும் முகமும் வீங்கின. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. காலுக்காகத் தனியார் நோயாளியாகத்தான் மறுபரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதால், அதே மருத்துவமனையில் மறுபடியும் பி1 வார்டிலேயே சேர்த்தோம். கால் பில்லுக்கு நிறுவனத்தின் பதில் அதுவரை வந்திருக்கவில்லை. சிறுநீரகத்துக்கு எட்டு நாள், 9,400 வெள்ளி.

பதில்கள் இரண்டும் பதினைந்து நாள் இடைவெளியில் வந்தன. இரண்டிலும் ஒரே காரணம்: விலக்கப்பட்ட நோயின் சிக்கல்.

முதல் கடிதத்தை வாசித்தபோது 26,000 வெள்ளியும் நம் தலையில் என்று நினைத்து அழுதுவிட்டேன். மறுபடி வாசித்தபோதுதான் அதில் இரண்டு வரிகள் இருப்பது தெரிந்தது. தனியார் பகுதிக்கு எதிரே பூஜ்யம். மெடிஷீல்டு லைஃப் என்ற வரிக்கு எதிரே 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். நம் ஷீல்டு திட்டம் இரண்டு அடுக்கு கொண்டது. அடி அடுக்கு, பழைய மெடிஷீல்டின் இடத்துக்கு வந்த மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பரிலிருந்து அது எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. முன்பே இருந்த நோய் என்று சொல்லி அது எதையும் ஒதுக்குவதில்லை. விலக்குக் கடிதம் மேலடுக்கை மட்டும்தான் தொடும். இரண்டு அடுக்குக்கும் ஒரே நிறுவனம் கணக்குப் பார்த்து ஒரே கடிதத்தில் பதில் அனுப்புவதால், "நிராகரிக்கப்பட்டது" என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாமே போய்விட்டதாகத் தோன்றிவிடுகிறது.

ஆனால் அந்த 8,000 ஏன் அவ்வளவு குறைவு? மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி பொறுமையாக விளக்கினார். மெடிஷீல்டு லைஃப் பி2, சி வார்டுகளின் மானியக் கட்டணத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. பி1 வார்டில் இருந்தால் முதலில் பில்லில் ஒரு பகுதியை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். குடிமகனான அப்பாவுக்கே பில்லில் பாதிக்கும் குறைவான தொகைதான் கணக்கில் வந்தது. அதிலிருந்து, முதலில் நாமே கட்ட வேண்டிய கழிவுத் தொகை போகும், பிறகு மீதியிலும் நம் பங்கு போகும். ஒரு நோய்க்கு விலக்கு இருக்கிறது என்றால், அந்த நோய்க்காகச் சேரும்போது மேலடுக்கு இல்லாதவராகவே நம்மை நினைத்துக்கொண்டுதான் வார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரப் பிரிவில் எனக்கு இது தெரிந்திருந்தால் பி2 என்று சொல்லியிருப்பேன். மீதி 18,000இல் பெரும்பகுதி அப்பாவின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தும் தம்பியின் மெடிசேவிலிருந்தும் போனது. எஞ்சியதை மாதத் தவணையாகக் கட்டினோம்.

கால் விஷயத்தில் நாங்கள் வாதாடிப் பார்த்தோம். செருப்பு உராய்ந்ததால் வந்த காயம், இதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதினேன். அப்படி ஒரு கடிதம் தரச் சொல்லி அறுவை மருத்துவரிடமும் கேட்டேன். அவர் நேராகவே சொன்னார்: "செருப்பு எல்லாருக்கும் உராயும்மா. உங்கள் அப்பாவுக்கு ஏன் விரல் போனது? நரம்பு உணர்ச்சி போனதால் காயம் தெரியவில்லை. ரத்தம் போய்ச் சேராததால் அது ஆறவில்லை. இரண்டுக்கும் சர்க்கரைதான் காரணம். இல்லையென்று நான் எப்படி எழுத முடியும்?" அப்பாவின் பாலிகிளினிக் குறிப்புகளிலும் 2018 முதல் பாதத்தில் உணர்ச்சி குறைவு என்று வருடாவருடம் எழுதியிருந்தது. அந்தக் குறிப்புகளை நிறுவனம் வரவழைத்துப் பார்த்திருந்தது. மறுபரிசீலனையிலும் அதே பதில்தான். வருத்தமாக இருந்தாலும் நியாயம் அவர்கள் பக்கம் இருந்ததை ஏற்றுக்கொண்டேன்.

சிறுநீரகம் வேறு கதை.

சேர்ந்த முதல் நாளே சிறுநீரக மருத்துவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டால் அது வருடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் நடக்கும், சிறுநீரில் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும் என்றார். அப்பாவுக்கு ஏழு மாதத்துக்கு முன் பாலிகிளினிக்கில் எடுத்த சோதனையில் புரதம் இயல்பாக இருந்தது. இப்போது திடீரென்று கொட்டியது. கண்ணின் பின்திரைப் படத்திலும் சர்க்கரையால் வரும் பாதிப்பு எதுவும் இல்லை. சிறுநீரகத்தைச் சர்க்கரை கெடுத்திருந்தால் பெரும்பாலும் கண்ணிலும் அதன் அடையாளம் இருக்குமாம். சர்க்கரையா, காலில் இருந்த தொற்றின் பின்விளைவா, அல்லது தனி நோயா என்று பார்க்க ஊசியால் சிறுநீரகத் திசு எடுத்தார்கள். அப்பா மிகவும் பயந்தார். திசுவின் முடிவு வர நாளானதால், அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் நுழைந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் தந்த சுருக்க அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் "நீரிழிவுச் சிறுநீரக நோயாக இருக்கலாம்" என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்கள். நிறுவனத்தின் கையில் இருந்தது அந்தத் தாள்தான். அவர்கள் கேள்விக்குறியைப் பார்க்கவில்லை, சொல்லைத்தான் பார்த்தார்கள்.

பத்து நாள் கழித்துத் திசு முடிவு வந்தது. மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோய். உடலின் எதிர்ப்பாற்றலே சிறுநீரக வடிகட்டியைத் தாக்குவது. பிஎல்ஏ2ஆர் என்ற எதிர்ப்பொருளுக்கான ரத்தச் சோதனையும் அதையே உறுதி செய்தது. சர்க்கரையால் வரும் மாற்றம் குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்றும் திசு அறிக்கையில் எழுதியிருந்தது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரும் நோய் இது.

மருத்துவரிடம் போய் நான் கேட்டது இரண்டுதான். சுருக்க அறிக்கையைத் திருத்தித் தர வேண்டும். தனியாக ஒரு கடிதத்தில், இந்தச் சேர்க்கைக்குக் காரணமான நோய் எது, அதைச் சர்க்கரை உண்டாக்கியதா என்ற இரண்டு கேள்விக்கும் நேரடியாகப் பதில் எழுதித் தர வேண்டும். இரண்டாவதை அழுத்திச் சொன்னேன். ஏனென்றால் மருத்துவர்கள் வழக்கமாக "இருபது வருடச் சர்க்கரை நோயாளி, சிறுநீரகப் பாதிப்போடு வந்தார்" என்று தொடங்குவார்கள். அவர்களுக்கு அது வெறும் அறிமுகம். நிறுவனத்தில் வாசிப்பவருக்கு அதுவே காரணமாகத் தெரியும். மருத்துவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். அறிக்கைக்குக் கட்டணம் கட்டினோம்.

அப்புறம் 2009ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அதில் இருந்த சொல் 'அதனால் விளையும்' என்பது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்குச் சிறுநீரக நோயும் இருக்கிறது என்பது மட்டும் அந்தச் சொல்லுக்குப் போதாது. ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தேன். வேறு நிறுவனம். அதில் "நீரிழிவும் தொடர்புடைய நிலைகளும், சிறுநீரகம், கண், நரம்பு, ரத்தக்குழாய் நோய்கள் உட்பட" என்று இருந்தது. அந்த வாசகத்தோடு நான் போராடியிருந்தால் இன்னும் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

மறுபரிசீலனைக் கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதினேன். விலக்கின் வாசகம், திசு அறிக்கையின் முடிவு, ஏழு மாதத்துக்கு முந்தைய சிறுநீர்ச் சோதனை, கண் படம், மருத்துவரின் கடிதம். கால் பில்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இரண்டையும் கலந்தால் தோற்ற வழக்கு ஜெயிக்க வேண்டியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று தம்பி சொன்னது சரி. அதிலும் மறுத்தால் ஃபிட்ரெக் போவது என்று முடிவு செய்திருந்தோம். நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளை அங்கே பேசித் தீர்த்து வைப்பார்கள். நிறுவனத்தின் இறுதிப் பதில் கையில் வந்த ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும் என்பதால் அந்தப் பதில் வரும் தேதியைக் குறித்துவைக்கத் தயாராக இருந்தேன்.

தேவைப்படவில்லை. ஏழு வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள். 9,400இல் திட்டத்தின் கழிவுத் தொகை 2,500. மீதி 6,900இல் பத்து விழுக்காடு, அதாவது 690, எங்கள் பங்கு. 6,210 வெள்ளியை நிறுவனம் தந்தது. இதில் மெடிஷீல்டு லைஃப் பங்கும் அடக்கம். எங்கள் 3,190 மெடிசேவிலிருந்து போனது.

இதற்கு நடுவில் ஒரு முகவர், தம்பியின் திட்டத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் சந்தா குறையும் என்று வந்தார். தம்பிக்கும் போன வருடம் சர்க்கரை தெரிந்திருக்கிறது. ஆனால் அவன் திட்டம் எடுத்தது அதற்கு முன்னால், எந்த விலக்கும் இல்லாமல். அங்கேயே இருக்கும்வரை, நாளைக்குக் காலோ சிறுநீரகமோ எது கெட்டாலும் அது பின்னால் வந்த நோய்தான், திட்டத்தில் சேரும். புது நிறுவனத்துக்குப் போனால் உடல்நிலையை மறுபடி எழுத வேண்டும், அப்பாவுக்கு வந்தது போன்ற ஒரு கடிதம் அவனுக்கும் வரக்கூடும். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கால் இப்போது பாலிகிளினிக் பரிந்துரையில் மானிய நோயாளியாகத்தான் பார்க்கப்படுகிறது. சிறுநீரகத்துக்குப் பழைய மருத்துவரிடமே போகிறார். அவருடைய மருத்துவமனைப் பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் விலக்குக் கடிதத்தின் நகலும் திசு அறிக்கையின் நகலும் மடித்து வைத்திருக்கிறேன். மேலே ஒரு துண்டுத் தாளில் அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "கால் என்றால் பி2. சிறுநீரகம் என்றால் இந்தத் தாளைக் காட்டவும்."